செக் புத்தகம் இல்லாத சப்ளையரிடம் என்ன கேட்பது?

கேள்வி: நுவரெலியாவில் ஒரு சின்ன ஹோட்டலின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். வெலிமடையிலிருந்து மரக்கறி தரும் புதியவரிடம் வங்கி விபரம், வரிப் பதிவு, ரத்துச் செய்த செக் கேட்டு மெயில் போடச் சொல்கிறார்கள். அவர் "செக் புத்தகமே இல்லை, சேமிப்புக் கணக்குத்தான்" என்கிறார். என்ன எழுதுவது?

பதில்: அப்படியென்றால் செக்கை விட்டுவிடுங்கள். கணக்கு இலக்கத்தை அவர் கையால் எழுதித் தராமல், வங்கி அச்சடித்த ஒன்றில் நீங்களே பார்க்கத்தான் அதைக் கேட்கிறோம். பாஸ்புக்கின் முதல் பக்கமோ, கிளையின் முத்திரையோடு ஒரு கடிதமோ அந்த வேலையைச் செய்யும். மீதித் தொகை தெரியும் பக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

செக் தருபவராக இருந்தால், குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் 'ரத்து' என்று எழுதச் சொல்லுங்கள். கையொப்பம் வேண்டாம். கீழே உள்ள இலக்க வரிசை மறையக் கூடாது. வங்கிக்கு 4 இலக்கம் (இலங்கை வங்கி என்றால் 7010), கிளைக்கு 3 இலக்கம், பிறகு கணக்கு இலக்கம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

உங்கள் ஆளிடம் சிக்கல் பெயரில்தான் வரும். பில்லில் கடைப் பெயர், பாஸ்புக்கில் அவருடைய சொந்தப் பெயர் என்று இருக்கும். தனி ஆள் வியாபாரத்தில் இது சாதாரணம், தப்பில்லை. ஆனால் இரண்டையும் இணைக்கும் தாள் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்: பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். அந்தப் பெயரும் பாஸ்புக் பெயரும் ஒன்றானால் காசு போடலாம். மனைவியின் கணக்கு, மச்சானின் கணக்கு என்றால் வேண்டாம்; நாளைக்கு "எனக்குக் காசு வரவில்லை" என்றால் உங்களிடம் பதில் இருக்காது.

வரியில் டின், வற் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டின் 9 இலக்கம். வற் பதிவு உள்ளவருக்கு அதன் பின்னால் -7000 சேர்ந்து வரும். வற் இலக்கம் இல்லாதவர் பில்லில் 18 வீதம் சேர்த்திருந்தால் திருப்பி அனுப்புங்கள், அவருக்கு அதை அறவிட உரிமை இல்லை.

மெயில் இவ்வளவு போதும்:

"வணக்கம் ஐயா. முதல் கொடுப்பனவைச் செய்ய இவற்றின் தெளிவான படம் தேவை: வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், டின் சான்றிதழ் (வற் பதிவு இருந்தால் அதுவும்), பாஸ்புக்கின் முதல் பக்கம் அல்லது ரத்துச் செய்த செக். பாஸ்வேர்ட், ஓடிபி எதையும் நாங்கள் கேட்கமாட்டோம். இவை கிடைத்ததும் உங்களுக்குக் கோல் எடுத்து உறுதிசெய்வோம்."

அந்தக் கோலை மெயிலில் உள்ள நம்பருக்கு எடுக்காதீர்கள், லொறியோடு வரும்போது அவர் நேரில் தந்த நம்பருக்கு எடுங்கள். கணக்கு இலக்கத்தை அவரையே வாசிக்கச் சொல்லி, நீங்கள் தாளைப் பார்த்துச் சரிபாருங்கள். எக்செலில் பதியும்போது அந்தக் கட்டத்தை முதலில் Text ஆக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 015 என்ற கிளை 15 ஆகிவிடும், முன்னால் பூச்சியம் உள்ள கணக்கு இலக்கமும் குறைந்துவிடும். பிறகு "கணக்கு மாறிவிட்டது" என்று எப்போது மெயில் வந்தாலும் இதே கோல், இதே தாள், முதலிலிருந்து.