ஒரே டாஷ்போர்டில் விளம்பரச் செலவும் விற்பனையும்: கேள்வி பதில்

மருதமுனை, இணையத்தில் கைத்தறிச் சேலை விற்பவர்: சேர், சென்ற மாதம் 7 இலட்சம் ரூபாய் விற்பனை தன்னால் வந்தது என்று முகநூல் விளம்பரக் கணக்கு காட்டுகிறது. கூகிள் 5 இலட்சத்து 60 ஆயிரம் என்கிறது. ஆனால் கூரியரிடமிருந்து கைக்கு வந்தது 10 இலட்சத்து 50 ஆயிரம்தான். எதை நம்புவது?

கைக்கு வந்த 10 இலட்சத்து 50 ஆயிரத்தை நம்புங்கள், ராத்தா. இரவில் முகநூலில் உங்கள் சேலையைப் பார்த்த ஒருவர், மறுநாள் கடையின் பெயரைக் கூகிளில் தேடி, அங்குள்ள விளம்பரத்தை அழுத்தி வந்து வாங்கினால், அந்த ஒரே விற்பனையை இரு பக்கமும் தமது கணக்கில் எழுதிக்கொள்ளும். முகநூலின் வழமையான அமைப்பில் விளம்பரத்தை அழுத்தியவர் 7 நாட்களுக்குள்ளோ, வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள்ளோ வாங்கினாலும் அது விளம்பரத்தால் வந்த விற்பனைதான். அத்துடன், பொதி வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்ததை இரண்டுமே அறியமாட்டா. தத்தம் விதிப்படி இரண்டும் சரியாகவே எண்ணுகின்றன. இரண்டையும் கூட்டுவதுதான் பிழை.

ஆகவே டாஷ்போர்டுக்கு அடிப்படையாக முதலில் ஒரு தாளை உருவாக்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி. அதில் கையளிக்கப்பட்ட விற்பனை, கையளிக்கப்பட்ட ஓடர்கள், புதிய வாடிக்கையாளர்கள், அன்றைய மொத்தச் சந்தைப்படுத்தல் செலவு ஆகியவை மட்டும் இருந்தால் போதும். நீங்கள் அனுப்பிய விபரப்படி விளம்பரங்களுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரமும், படப்பிடிப்புக்கும் காணொளிக்கும் 60 ஆயிரமும் போயிருக்கின்றன. 10.5 இலட்சத்தை 3 இலட்சத்தால் வகுத்தால் 3.5 வரும். ஒரு ரூபாய் செலவுக்கு மூன்றரை ரூபாய் விற்பனை என்ற இந்த விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். விளம்பரக் கணக்குகள் சொன்னதையே கூட்டி, அவற்றின் செலவால் மட்டும் வகுத்திருந்தால் 5.25 வந்திருக்கும். அந்த எண்ணைக் கண்டு செலவைக் கூட்டிய கடைகளின் கணக்கைச் சரிசெய்யப் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விற்பனையை ஓடர் கிடைத்த திகதியிலேயே பதியுங்கள். அப்படிச் செய்யும்போது கடைசிப் பத்து நாட்களின் பொதிகள் இன்னும் வழியில் இருப்பதால், அந்நாட்களின் விகிதம் எப்போதும் தாழ்ந்தே தெரியும். டாஷ்போர்டில் அந்தப் பகுதியைச் சாம்பல் நிறத்தில் காட்டினால், அதைக் கண்டு பதறி நல்ல விளம்பரத்தை நிறுத்தமாட்டீர்கள்.

கல்முனை, தரவு வேலை செய்பவர்: விளம்பரச் செலவுத் தாளையும் ஓடர் தாளையும் லுக்கர் ஸ்டூடியோ என்ற டாஷ்போர்ட் மென்பொருளில் திகதியை வைத்து இணைத்தேன். விற்பனை சரியாக வருகிறது, செலவு மட்டும் பல மடங்காகிவிட்டது. நாணய மாற்றுப் பிழையாக இருக்குமா?

இல்லை, தம்பி. ஓடர் தாளில் ஓடர் இலக்கத்தையும் வரிகளைப் பிரிக்கும் ஒரு பரிமாணமாகச் சேர்த்திருப்பீர்கள். அன்று 9 ஓடர்கள் வந்திருந்தால், அன்றைய 8,000 ரூபாய் செலவு ஒன்பது வரிகளிலும் ஒட்டிக்கொண்டு 72,000 ஆகிவிடும். நாணய மாற்றுப் பிழை என்றால் எல்லா நாட்களும் ஏறத்தாழ ஒரே மடங்கில் பெருகியிருக்கும். இங்கே ஓடர் கூடிய நாட்களில்தான் செலவும் கூடுதலாக வீங்கியிருக்கும், ஒரு தடவை பாருங்கள். ஓடர்களை நாள்வாரியாகக் கூட்டிய பின்பே இணைக்க வேண்டும். இடப்பக்கத்தில் ஓடர் தாளை வைத்தால் ஓடரே வராத நாளின் செலவு காணாமல் போய்விடும் என்பதால், எல்லாத் திகதிகளும் உள்ள ஒரு தாளை அங்கே வையுங்கள். விகிதத்தை நாள்தோறும் கணித்துச் சராசரி எடுக்காமல், இப்படி எழுதுங்கள்:

```
SUM(delivered_sales) / SUM(total_spend)
```

மாத இறுதியில் டாஷ்போர்டின் மொத்தச் செலவு, கடனட்டைக் கூற்றிலுள்ள தொகையுடனும் கையால் கொடுத்த பற்றுச்சீட்டுகளுடனும் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

கல்லடி, கணக்காளர்: அந்தச் சேலைக் கடையில் சென்ற மாதம் 120 புதியவர்கள் வந்திருந்தால், ஒருவரைப் பெற 2,500 ரூபாய் செலவு. அவர் முதல் தடவையே 5,250 ரூபாய்க்கு வாங்குகிறார். அப்படியானால் முதல் நாளே செலவு மீண்டுவிட்டதல்லவா?

ஒருவருக்கான செலவை நீங்கள் கணித்தது சரிதான், ஐயா. ஆனால் அந்த 5,250 ரூபாயில் நெசவாளருக்குப் போவது, பொதி கட்டுவது, கூரியர் கட்டணம், திரும்பி வந்த பொதிகளின் கட்டணத்தில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கழித்தால் கடையில் மிஞ்சுவது 1,400 ரூபாய். ஆகவே முதல் விற்பனைக்குப் பிறகும் 1,100 ரூபாய் மீள வேண்டியிருக்கிறது.

அந்த மீதி எப்போது வருகிறது என்பதை அறிய, ஒரே மாதத்தில் முதன்முதலாக வாங்கிய 120 பேரையும் ஒரு குழுவாகப் பிடித்துக்கொண்டு தொடர வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: அவர்களில் இரண்டாம் மாதம் 18 பேர், மூன்றாம் மாதம் 24 பேர், நான்காம் மாதம் 30 பேர், ஐந்தாம் மாதம் 24 பேர் ஒவ்வொரு தடவை திரும்ப வாங்கினார்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு தடவையும் மிஞ்சும் 1,400ஐ 120 பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 1,400 என்பது 1,610, 1,890, 2,240 என்று ஏறி, ஐந்தாம் மாதத்தில் 2,520 ஆகி, 2,500 என்ற கோட்டைத் தாண்டுகிறது. செலவு மீள ஐந்து மாதம். திரும்ப வராதவர்களையும் வகுத்தியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். வந்தவர்களை மட்டும் வைத்தால் காலம் பொய்யாகக் குறுகிவிடும். நெசவாளருக்கு மாதாமாதம் காசு கொடுக்க வேண்டிய கடைக்கு, ஐந்து மாதம் காத்திருக்கக் கையில் பணம் இருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி.

ஏறாவூர், ஆடை விற்பவர்: புதியவரா பழையவரா என்பதைத் தொலைபேசி இலக்கத்தை வைத்துப் பிரிக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் நான், மனைவி, மகள் மூவரும் ஒரே இலக்கத்தைத்தான் கொடுப்போம்.

முதலில் `077`, `+9477`, `9477` என்று மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரே இலக்கத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பழையவர்கள் புதியவர்களாகி, தலைக்கான செலவு குறைந்தது போலத் தோன்றும். வீட்டுக்கு ஒரே இலக்கம் என்பதற்கு என்னிடம் முழுமையான தீர்வு இல்லை. நான் வீட்டையே ஒரு வாடிக்கையாளராக எண்ணுகிறேன். என்னுடன் வேலை செய்பவர் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆனால் பெயரை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்களே என்பது என் தயக்கம். எதைத் தெரிவுசெய்தாலும் இடையில் மாற்றாதீர்கள்.

வாழைச்சேனை, தயிர் விற்பவர்: நான் கடைகளுக்குத் தயிர்ச் சட்டி போடுகிறேன். முகநூலில் மாதம் 3,000 ரூபாய் செலவழிக்கிறேன். எந்தப் பதிவைப் பூஸ்ட் பண்ணினால் நல்லது?

அண்ணா, இந்த டாஷ்போர்ட் அதைச் சொல்லாது. உங்கள் விற்பனை பல ஆண்டுகளாகப் பழகிய கடைகளிலிருந்து வருவதால், அதை 3,000 ரூபாயால் வகுத்தால் பிரமாண்டமான ஓர் எண் கிடைக்கும். அதற்கு விளம்பரத்துடன் தொடர்பே இராது. புதிதாகக் கேட்டு வரும் கடைக்காரரிடம் எப்படி அறிந்தார் என்று விசாரித்து, ஒரு கொப்பியில் எழுதி வந்தாலே உங்களுக்குப் போதும்.

மருதமுனை, முதலில் கேட்டவர்: பெருநாளுக்காகச் செலவை 4 இலட்சமாக உயர்த்தினால் விற்பனை 12 இலட்சமாகும் என்று நினைக்கிறேன். விகிதம் 3 வரும். 3.5க்கும் 3க்கும் பெரிய வித்தியாசம் இல்லைதானே?

அந்த மேலதிக ஓர் இலட்சத்தைத் தனியாகப் பாருங்கள், ராத்தா. அது கொண்டுவருவது ஒன்றரை இலட்சம் விற்பனை. 5,250க்கு 1,400 என்ற வீதத்தில் அதில் உங்களுக்கு மிஞ்சுவது 40,000 ரூபாய். மிகுதி 60,000ஐ அந்த வாடிக்கையாளர்கள் திரும்ப வந்து தந்தால்தான் உண்டு. இதே வீதத்தில், அந்தந்த மாதச் செலவை அந்தந்த மாதமே மீட்க விகிதம் 3.75 இருக்க வேண்டும் (5,250ஐ 1,400ஆல் வகுத்தது). சென்ற மாதமே அதற்குக் கீழேதான் இருந்தீர்கள்: மிஞ்சியது 2 இலட்சத்து 80 ஆயிரம், செலவு 3 இலட்சம். டாஷ்போர்டில் 3.75இல் ஒரு கோடு வரைந்து வையுங்கள்.

பெருநாளுக்கு வந்தவர்கள் சாதாரண மாதத்தில் வந்தவர்களைப் போல் திரும்பி வருவார்களா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவர்களைத் தனிக் குழுவாகக் குறித்து வையுங்கள். பெருநாள் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னதாகவே வருவதால், சென்ற ஆண்டின் அதே மாதத்துடன் ஒப்பிடாமல், சென்ற ஆண்டுப் பெருநாளுக்கு முந்திய 30 நாட்களை இவ்வாண்டுப் பெருநாளுக்கு முந்திய 30 நாட்களுடன் ஒப்பிடுங்கள். முதலில் 50 ஆயிரத்தை மட்டும் கூட்டி இரண்டு வாரம் விட்டு, பொதிகள் கையளிக்கப்பட்ட பின் அந்த 50 ஆயிரம் எவ்வளவு விற்பனையைக் கூட்டியது என்று எழுதுங்கள். மீதி 50 ஆயிரத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.