வாடிக்கையாளர் பட்டியலை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

“ஒரு ஜவுளிக்கடையின் வாடிக்கையாளர் பெயர், செல் நம்பர் பட்டியலைச் சரிசெய்து கொடுத்தேன். இப்போது வேறொரு கடைக்காரர் அதையே கேட்கிறார். ரகசியம் காக்கணும்னு ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வேலையும் கூலியும் பேசி முடித்திருந்தாலே அதுவும் ஒப்பந்தம்தான். அதை மீறி, லாபத்துக்காகத் தனிநபர் தகவலை வெளியே கொடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஜவுளிக்கடைக்காரரே சரி என்று சொன்னாலும் போதாது. பில் போடும்போது நம்பர் கொடுத்தவர்கள் அந்தக் கடைக்குத்தான் கொடுத்தார்கள். அடுத்த கடையின் விளம்பரத்துக்கு அல்ல. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த நோக்கத்துக்குச் சம்மதம் வாங்கினார்கள் என்பதைத்தான் பார்க்கிறது.

எனக்கு அதைவிடக் கவலை, உங்களிடம் இன்னும் கிடக்கும் பிரதிகள்தான். கூகுள் ஷீட்டில் வேலை செய்திருந்தால் முதலில் ஷேர் அமைப்பைப் பாருங்கள். “Anyone with the link” என்று இருந்தால் லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம். “Restricted” என்று மாற்றுங்கள். அப்புறம் ஜவுளிக்கடைக்காரருக்கு, “இறுதிக் கோப்பு உங்களிடம் இருக்கிறதா? என் பிரதியை அழிக்கட்டுமா?” என்று எழுதிக் கேளுங்கள். சம்மதம் வந்ததும் டவுன்லோட்ஸ், மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் அழியுங்கள். டிரைவின் குப்பையில் 30 நாள் தங்கும், அதையும் காலி செய்யுங்கள். அழித்த தேதியை அவருக்கு எழுதி அனுப்பிவிட்டு, உங்கள் கணக்குக்குப் பில்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.