கடைசிச் சுற்றுக்கு முன்னால் விலகுவது: கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நாலு வருஷமாக குவாலிட்டியில் இருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு காலணி நிறுவனத்தில் இரண்டு சுற்று முடிந்துவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பிளான்ட் மேனேஜருடன் கடைசிச் சுற்று. இதற்குள் ஒரகடத்தில் வேறு வேலை கிடைத்து, சரி என்று சொல்லிவிட்டேன். ராணிப்பேட்டைக்கு எப்படி எழுதுவது? பின்னால் ஒருநாள் அங்கே போகவும் ஆசை உண்டு. அங்கே ஸ்டோர்ஸில் இருக்கும் சித்தப்பாவின் நண்பர்தான் என் பயோடேட்டாவைக் கொடுத்தார். (குடியாத்தம் வாசகர்)

பதில்: ஒரகடத்தில் நீங்கள் சரி என்று சொன்னது வாயாலா, எழுத்திலா? ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்து, அதில் சம்பளமும் சேர வேண்டிய தேதியும் இருந்து, ஏற்றுக்கொண்டதாக நீங்களும் பதில் போட்டிருந்தால் இன்றே ராணிப்பேட்டைக்குச் சொல்லிவிடலாம். போனில் பேசியது மட்டும்தான் என்றால் பொறுங்கள். லெட்டர் வரும்வரை நீங்கள் இரண்டு இடத்திலும் விண்ணப்பதாரர்தான். வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் நேர்காணலுக்குப் போய் வருவதில் ஒரு தவறும் இல்லை.

லெட்டர் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் புதன் மாலை வரை இழுக்காதீர்கள். பிளான்ட் மேனேஜரின் வியாழன் காலையை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டுமானால், அவரும் எங்கோ வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ வேலையில் இருப்பவர், லீவு சொல்ல அவருக்கு ஒரு நாளாவது வேண்டும். திங்களோ செவ்வாயோ சொன்னால் எச்.ஆர். அதைச் சமாளித்துவிடுவார். புதன் இரவு சொன்னால், மேனேஜர் முன்னால் அவர்தான் பதில் சொல்லி நிற்க வேண்டும். கதவு திறந்திருக்குமா மூடுமா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது, கடிதத்தின் வார்த்தைகளில் அல்ல.

முதலில் போன், பிறகு மெயில். போனில் இரண்டு நிமிடம் போதும். வைத்த கையோடு மெயில் அனுப்புங்கள். புதிதாக ஒரு மெயில் தொடங்காமல், நேர்காணலுக்கு அழைத்து அவர்கள் அனுப்பிய மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். அப்போதுதான் உங்கள் கோப்போடு அது சேர்ந்து நிற்கும். பழைய தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தி பதிவாக நிற்காது, அதை மட்டும் நம்ப வேண்டாம். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நீங்களும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். விஷயம் இவ்வளவுதான்:

பொருள்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுதல் – தரப் பிரிவு, வியாழன் காலை 10 மணி நேர்காணல்

மதிப்பிற்குரிய மேடம்,

காலையில் போனில் சொன்னபடி, தரப் பிரிவு பணிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறொரு நிறுவனத்தின் பணி வாய்ப்பை ஏற்றுக்கொண்டுவிட்டேன். எனவே வியாழக்கிழமை நேர்காணலுக்கு வர மாட்டேன். அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டுகிறேன்.

இரண்டாம் சுற்றில் சோல் பிரியும் புகார்களை லைனிலேயே பிடிப்பது பற்றிப் பேசியது எனக்கு மிகவும் பயன்பட்டது. தர மேலாளருக்கு என் நன்றியைத் தெரிவிக்கவும். உங்கள் பரிசோதனைக் கூடத்தில் பின்னாளில் இடம் வரும்போது மீண்டும் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு, (பெயர், போன் எண்)

முதல் வரியிலேயே திரும்பப் பெறுகிறேன் என்று வந்துவிட்டதைப் பாருங்கள். நம் ஆட்கள் பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தவிர்க்க முடியாத சூழ்நிலையால் கலந்துகொள்ள இயலவில்லை என்று எழுதுவார்கள். அதைப் படிக்கும் எச்.ஆர். வேறு தேதி கேட்கிறார் என்று நினைத்து அடுத்த வாரத்துக்கு நேரம் போட்டுவிடுவார். அப்போதும் நீங்கள் போகாவிட்டால் அவர்கள் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று விழும். ஒரு வருடம் கழித்து நீங்கள் விண்ணப்பிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்தக் குறிப்புதான். தானாக விலகினார் என்று இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

காரணம் ஒரே வரி, அதுவும் உண்மையாக இருக்கட்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் வேண்டாம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது, ஆனால் தோல், காலணித் தொழிலில் ஆட்கள் இன்னும் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று அதே வட்டத்துக்குள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள். இன்று ராணிப்பேட்டையில் உங்களை நேர்காணல் செய்தவர் நாளை உங்கள் ஆம்பூர் கம்பெனிக்கே மேனேஜராக வரலாம்.

கம்பெனிப் பெயரை எழுதத் தேவையில்லை. சம்பளத்தை எழுதவே கூடாது, அது பேரம் பேசுவது போல் ஆகிவிடும். ஆனால் போனில் கேட்பார்கள்: "எவ்வளவு தர்றாங்க? நாங்களும் பார்க்கலாமே." அதற்குப் பதிலை முன்னமே வைத்துக்கொள்ளுங்கள். "ஏத்துக்கிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன் மேடம், இனி மாத்த முடியாது" என்பது போதும். கூடக் கொடுத்தால் ராணிப்பேட்டைக்கே போய்விடலாம் என்ற எண்ணம் மனதில் இருந்தால், அதை ஒரகடத்துக்குச் சரி சொல்வதற்கு முன்னால் பேசியிருக்க வேண்டும். இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு இடத்திலும் பெயர் கெடும்.

கடிதத்தைப் பொறுத்தவரை, கதவைத் திறந்து வைக்க உதவுவது அதன் கடைசி வரிகள்தான். எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது யார் நினைவிலும் நிற்பதில்லை. நேர்காணலில் நடந்த ஒரு பேச்சையும், நீங்கள் விரும்பும் ஒரு பிரிவையும் சொன்னால், மெயிலைத் தர மேலாளருக்கு அனுப்பிவைக்கும்போது அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் வரும். நான் கொடுத்த சோல் உதாரணத்தை அப்படியே போடாமல், உங்கள் சுற்றில் உண்மையிலேயே பேசியதை எழுதுங்கள். இன்னொன்று: ஒரு வருடத்தில் வருகிறேன், அங்கே சரிவராவிட்டால் வருகிறேன் என்ற பொருளில் எதையும் எழுதிவிடாதீர்கள். சேரும் முன்பே ஓடுவதற்கு வழி பார்ப்பவர் என்றுதான் படிக்கப்படும்.

ஒரகடம் சேரும் முன்பே கைவிட்டுவிட்டால்? நடப்பதுதான். ராணிப்பேட்டையில் இன்னும் யாருக்கும் ஆஃபர் போகாதிருந்தால், ஒரே ஒரு முறை போன் செய்து நடந்ததை உள்ளபடி சொல்லிக் கேட்கலாம். ஆள் எடுத்துவிட்டார்கள் என்றால் விட்டுவிடுங்கள். மறுபடி விண்ணப்பிக்க எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு மாதிரி, அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ஸ்டோர்ஸ்காரர். எச்.ஆருக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவருக்குப் போடுங்கள். மதியம் கேன்டீனில் எச்.ஆர். அவரைப் பார்த்து "உங்க பையன் வரலையாமே" என்று கேட்கும்போது அவர் விழிக்கக் கூடாது. "மாமா, நீங்க சொன்னதாலதான் ரெண்டு சுற்று வரைக்கும் வந்தேன். வேற இடத்துல எழுதிக் கொடுத்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல மேடத்துக்கும் நானே சொல்லிடறேன், உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு கூப்பிட்டேன்" என்றால் போதும். சித்தப்பா மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள், நீங்களே பேசுங்கள். பயோடேட்டா உங்களுடையதாக இருந்தாலும் அங்கே போனது அவர் பெயரில்.