“இன்னொன்னு பெத்துக்கோ” என்பவருக்கு என்ன சொல்வது?

“எட்டாம் மாதத்தில் பாப்பா தவறிவிட்டது. கும்பகோணத்தில் ஒரு காதுகுத்தில் வீட்டுக்காரரின் அத்தை எல்லார் முன்னாலும் ‘சீக்கிரம் இன்னொன்னு பெத்துக்கோ, சரியாப் போயிடும்’ என்றார். என்ன சொல்வது?”

“போனதும் எங்க பிள்ளைதான் அத்தை. அடுத்ததைப் பத்தி இப்போ பேச வேண்டாம்.” இவ்வளவு போதும். அத்தை உங்கள் கணவர் வழிச் சொந்தம் என்பதால், கணவரே சொன்னால் இன்னும் நல்லது.

“டாக்டர் பொறுக்கச் சொன்னார்” என்று சாக்கு சொல்லாதீர்கள். எத்தனை மாதம் என்று அடுத்த கல்யாணத்தில் கணக்குக் கேட்பார்கள்.

பெரும்பாலும் ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். தனியாக இருக்கும்போது “அந்தப் பேச்சு எனக்கு வலிக்குது” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆறுதலுக்குச் சொன்னவர் நிறுத்திவிடுவார். மறுபடியும் சபையில் ஆரம்பித்தால் அது குத்தல்தான், பந்தியாக இருந்தாலும் எழுந்து போகலாம்.

கூடவே இருக்கும் மாமியார் என்றால் எழுந்து போவது நடக்காது. அங்கே கணவர் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.