280 எழுத்துக்குள் கேப்ஷன், ஜோக் சாகாமல்

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடைக்கு எக்ஸ் தளத்தில் தமிழில் பதிவு போடுகிறேன். ஜோக்கோடு எழுதினால் 280-ஐத் தாண்டிவிடுகிறது. வெட்டினால் அதற்குள் அடங்கிவிடுகிறது, ஆனால் யாரும் சிரிப்பதில்லை. எங்கே வெட்டுவது?

பதில்:

முதலில் அந்த 280 எதை எண்ணுகிறது என்று பார்த்துவிடுங்கள். தமிழில் நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது எக்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டு. ‘க’ ஒன்று. ‘க்’ இரண்டு, ஏனென்றால் புள்ளி தனிக் குறி. ‘கி’, ‘கை’, ‘கொ’ எல்லாமே இரண்டுதான். ‘ஸ்ரீ’ நான்கு. ‘கொண்டிருக்கிறார்கள்’ என்ற சொல்லில் நம் கணக்குக்குப் பத்து எழுத்து, எக்ஸ் கணக்குக்கு 19. எமோஜி எதுவானாலும் இரண்டு. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23, சுருக்கிப் போட்டாலும் அதே 23. ஒற்றைக் குறியாக வரும் ‘…’ கூட இரண்டு பிடிக்கும். (பக்கத்துச் சீனக் கடைக்காரருக்கு இதைவிடக் கஷ்டம். 2017-இல் வரம்பு 140-இலிருந்து 280 ஆனபோதும் சீன எழுத்து ஒவ்வொன்றும் இரண்டாகவே எண்ணப்படுவதால் அவருக்கு இன்னும் 140தான்.)

கணினியில் எழுதிப் பார்ப்பவர்களுக்கு இந்த மூன்று பைதான் வரி போதும். எமோஜியை விட்டுவிட்டு எண்ணி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள், ‘…’ இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், இணைப்பைத் தனியே 23 என்று சேருங்கள்.

```
import unicodedata
s = "தே ஓ கோசோங்"
print(len(unicodedata.normalize("NFC", s)))
```

இதற்கு 11 என்று வர வேண்டும்.

இனி வெட்டும் வேலை. மாமாக் எனப்படும் மலேசியத் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் தினமும் நடக்கிற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். முதலில் கைக்கு வருகிற கேப்ஷன் இப்படித்தான் இருக்கும்:

நேற்று ராத்திரி நம்ம கடைக்கு ஒரு அங்கிள் வந்தாரு. உட்கார்ந்ததும் “தம்பி, டாக்டர் சீனியைக் கண்டிப்பா குறைக்கச் சொல்லியிருக்காரு, அதனால தே ஓ கோசோங் மட்டும் போதும்”னு சொன்னாரு. நாங்களும் கொண்டு போய் வச்சோம். அதைக் குடிச்சிக்கிட்டே மெனுவைப் பார்த்தாரு. அப்புறம் என்ன ஆர்டர் பண்ணாரு தெரியுமா? ரொட்டி தீசு, அதுவும் சீனி கூடுதலா! 😂😂😂 நீங்களும் வாங்க, இரவு 2 மணி வரை திறந்திருக்கும்

இதோடு வரைபட இணைப்பையும் சேர்த்தால் 401. (மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: தே ஓ கோசோங் என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர். ரொட்டி தீசு என்றால் தாள் போல மெல்லியதாகச் சுட்டு, கூம்பாக நிமிர்த்தி, சீனியும் டின் பாலும் சேர்த்துத் தருவது.)

எழுதும் பெட்டியில் இதை ஒட்டினால், வரம்புக்கு மேல் போன பகுதியை எக்ஸ் நிறமிட்டுக் காட்டும். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். இந்தக் கேப்ஷனில் ‘தெரியுமா’வின் ‘தெ’யோடு 280 முடிந்துவிடுகிறது. நிறம் விழுகிற இடம் முழுக்க ரொட்டி தீசு. நிறம் விழுந்ததைக் குறைப்போம் என்று கை தானாக அங்கே போகும். ஆனால் ஜோக்கின் உயிர் எப்போதும் கடைசியில்தான் இருக்கிறது. அந்த நிறத்தைப் பார்க்காமல் கடைசி வரியை மட்டும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, மேலே இருப்பதில் கை வையுங்கள்.

இரண்டாவது வழுக்கல், எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்துக்குள் அடைப்பது:

டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னதால் தே ஓ கோசோங் கேட்ட அங்கிள், அடுத்து சீனி கூடுதலாகப் போட்ட ரொட்டி தீசு கேட்டார்.

இது 115. அளவில் கச்சிதம், ஆனால் நாளிதழின் பெட்டிச் செய்தி மாதிரி இருக்கிறது. காரணம் நம் வாக்கிய அமைப்பு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். அதனால் ‘சீனி கூடுதலா’ என்ற அடி ‘கேட்டார்’ என்பதற்கு முன்னால், வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது. வாசகர் சிரிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், சிரிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வினையில் முடிக்கிறார். போதாததற்கு ‘சொன்னதால்’, ‘கேட்ட’, ‘போட்ட’ என்று ஒன்றோடொன்று கோத்துவிட்டதால் நடுவில் மூச்சு விட இடமே இல்லை. ஜோக்குக்கு அந்த மூச்சு வேண்டும்.

வினையை ஒழிக்க எளிய வழி, ‘சொன்னாரு’, ‘கேட்டாரு’ எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஆட்களைப் பேச விடுவது:

“தம்பி, டாக்டர் சீனியைக் குறைக்கச் சொல்லிட்டாரு. தே ஓ கோசோங்.”
“சரி அங்கிள். சாப்பிட?”
“ரொட்டி தீசு. சீனி கூடுதலா.”

இதையும் எண்ணிப் பாருங்கள். இதுவும் 115தான். அதே அளவு, அதே சம்பவம், ஆனால் இதில் கடைசிச் சொல் அடியாக விழுகிறது.

போனது என்னென்ன என்று பார்ப்போம். ‘நேற்று ராத்திரி நம்ம கடைக்கு ஒரு அங்கிள் வந்தாரு’ என்பது மட்டும் முற்றுப்புள்ளியோடு 49. கடைக் கணக்கிலிருந்து வருகிற பதிவு, கூடவே கடைப் படம் இருக்கும். ஆகவே இடம் சொல்லத் தேவையில்லை, நேற்றா முந்தாநாளா என்பதும் ஜோக்குக்கு வேண்டாம். ‘தம்பி’ என்று ஒருவர் கூப்பிட்டு, ‘அங்கிள்’ என்று மற்றவர் பதில் சொன்னதுமே யார் வாடிக்கையாளர், யார் கடைப் பையன், இருவருக்கும் என்ன வயது என்று தெரிந்துவிடுகிறது. இந்த இரண்டு சொல்லையும் இடம் மிச்சம் பிடிக்க எடுத்துவிடாதீர்கள். மூன்று வரியிலும் பேசுவது யார் என்று காட்ட வேறு எதுவும் இல்லை.

‘அப்புறம் என்ன ஆர்டர் பண்ணாரு தெரியுமா?’ என்பது 38. இது போக வேண்டியதே, இடம் இருந்தாலும் போக வேண்டியதே. இதோ சிரிப்பு வருகிறது என்று முன்கூட்டியே அறிவித்தால் வாசகர் தயாராகிவிடுகிறார், அடி பாதியாகிவிடுகிறது. மூன்று சிரிப்பு எமோஜிக்கும் இதே கதி. பதிவு போட்டவரே முதலில் சிரித்தால் மற்றவர் ஏன் சிரிக்க வேண்டும்? ‘சொல்லியிருக்காரு’ 16, ‘சொல்லிட்டாரு’ 12. நாலுதான் மிச்சம், ஆனால் பேச்சுக்கும் அதுவே பொருத்தம்.

நடுவரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “சரி அங்கிள். சாப்பிட?” என்பதில் தகவல் எதுவுமில்லை, எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்துப் பாருங்கள். தே ஓ கோசோங்கும் ரொட்டி தீசும் ஒரே மூச்சில் சொன்ன ஒரே ஆர்டர் ஆகிவிடும். அங்கிள் முதலில் உறுதியாக இருந்தார், பிறகு சறுக்கினார் என்பதுதான் ஜோக். அந்தப் ‘பிறகு’ இந்த வரியில்தான் இருக்கிறது. நீண்ட கேப்ஷனில் ‘கொண்டு போய் வச்சோம், மெனுவைப் பார்த்தாரு’ என்று இரண்டு வாக்கியம் செய்த வேலையை இங்கே 23 குறி செய்கிறது.

இன்னும் சுருக்க நினைத்து, டாக்டர் கதையை எடுத்துவிட்டு ‘டயட்ல இருக்கேன்’ என்று போட ஆசை வரும். 39 இருந்த இடத்தில் 15, அதாவது 24 மிச்சம். செய்யாதீர்கள். முதல் வரியில் ‘சீனி’, ‘குறை’ இரண்டும் இருப்பதால்தான் கடைசியில் ‘சீனி’, ‘கூடுதல்’ வந்து மோதுகிறது. முதல் வரியில் சீனி இல்லையென்றால் கடைசி வரி வெறும் ஆர்டர். எந்த ஜோக்கை வெட்டும்போதும் கடைசி வரியில் உள்ள சொல் எது மேலே எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த இரண்டையும் கோடிட்டு வைத்துவிட்டுப் பிறகு வெட்டுவது நல்லது.

இப்போது தாராளமாக இடம் இருக்கிறது. முதலில் தூக்கியதில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம். என் தேர்வு ‘கண்டிப்பா’. இடைவெளியோடு 10. டாக்டர் எவ்வளவு கண்டிப்போ அங்கிள் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார். ஆக முடிவு:

“தம்பி, டாக்டர் சீனியைக் கண்டிப்பா குறைக்கச் சொல்லிட்டாரு. தே ஓ கோசோங்.”
“சரி அங்கிள். சாப்பிட?”
“ரொட்டி தீசு. சீனி கூடுதலா.”

இரவு 2 மணி வரை

ஜோக் 125. நடுவில் ஒரு வெற்று வரி (வரி முறிப்பு ஒவ்வொன்றும் ஒன்று), நேரத்துக்கு 14, இணைப்போடு மொத்தம் 165. ‘திறந்திருக்கும்’ என்ற ஒரே சொல் 15 தின்கிறது, அது இல்லாமலே புரிகிறது. ‘நீங்களும் வாங்க’ என்று கூப்பிடவும் வேண்டாம், இணைப்பு போட்டதே கூப்பிட்ட மாதிரிதான். அந்த வெற்று வரி மட்டும் கட்டாயம். நேரமும் முகவரியும் ஜோக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தால் ‘கூடுதலா’வுக்குப் பிறகு கிடைக்க வேண்டிய அந்தக் கண நேர அமைதி கிடைக்காது. மீதி 115-ஐ நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. மலாயில் ஒரு வரி வேண்டுமென்றால் நேரத்தையும் இடத்தையும் மட்டும் எழுதுங்கள். ஜோக்கை இரண்டு மொழியிலும் சொன்னால் இரண்டாவது தடவை விளக்கவுரை ஆகிவிடும்.

இரண்டு குறிக்காகச் சந்தியை ஒடிப்பதைப் பற்றி: ‘சீனியைக்’ என்பதில் ‘க்’ போனால் இரண்டு மிச்சம். பேச்சு நடையில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் 165-இல் நிற்கும்போது எதற்கு? அந்தக் கஞ்சத்தனம் 280-ஐ ஒன்றிரண்டு தாண்டும்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றிரண்டு தாண்டும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது, வேறிடத்திலிருந்து நகல் எடுத்தபோது கூடவே வந்த, கண்ணுக்குத் தெரியாத குறிகளை. அவையும் எண்ணிக்கையில் சேரும். சந்தேகமான சொல்லை அழித்துவிட்டு மறுபடி தட்டினால் போய்விடும்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை. கடைசி வரியை விரலால் மறைத்து, இதற்கு முன் படிக்காத ஒருவரிடம் காட்டுங்கள். அங்கிள் என்ன கேட்டிருப்பார் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் மேல் வரிகள் அளவுக்கு மீறி உளறுகின்றன. ‘தோசையா, சப்பாத்தியா’ என்று ஏதாவது சாதாரணமாகச் சொன்னால் சரியாக இருக்கிறது. விரலை எடுத்த பிறகு ‘யார் சொன்னது இது?’ என்று கேட்டால் ‘தம்பி’யோ ‘அங்கிளோ’ எங்கோ காணாமல் போயிருக்கிறது.

காசு கட்டி நீண்ட பதிவு எழுதும் வசதி வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வாங்கினாலும் டைம்லைனில் முதல் 280தான் தெரியும், மீதியைப் படிக்கத் தட்ட வேண்டும். மேலே உள்ள நீண்ட கேப்ஷனை அப்படிப் போட்டால் ரொட்டி தீசு மறுபடியும் அந்த மடிப்புக்குப் பின்னால்தான் போய் நிற்கும்.