தெரிந்தேதான்

கேள்வி: வெள்ளம் வரும் என்று தெரிந்தே ஆற்றங்கரையில் குடிசை போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு நிவாரணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: தெரிந்தேதான் அடையாற்றின் மேல் விமான ஓடுபாதை போட்டார்கள். தெரிந்தேதான் பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ஓடுபாதையைப் பெயர்த்துக்கொண்டு போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கரையில் குடிசை போட்டிருந்தவர்களிடம்தான் காலி செய்யச் சொன்னார்கள்.

எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? பலரைப் பெரும்பாக்கத்துக்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. நகரின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். சைதாப்பேட்டையில் இருந்தவரை, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் காலை 6 மணி வேலைக்கு நடந்தே போய்விடுவார். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் வேலையை விட்டவர்கள் ஏராளம். கல்வியாண்டின் நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறியது. சரி, வெள்ளத்திலிருந்தாவது தப்பித்தார்களா என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கமும் வெள்ளக்காடானது.

ஆற்றங்கரை நிலத்துக்கு வருவாய்த் துறை ஏட்டில் 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு' என்று பெயர். எத்தனை தலைமுறை இருந்தாலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாமல் வங்கியில் வீட்டுக்கடன் கிடைக்காது. சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ள அரசு தரும் மானியமும் கிடைக்காது. என்றைக்கு இடிப்பார்களோ என்று இருக்கிற இடத்தில் யார் கான்கிரீட் போடுவார்கள்? தகரம், தார்ப்பாய், ஓலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுவர் நிற்கிற வீட்டில் தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுக் குடியேறலாம். இவர்களுக்கு வீடே போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய சேதம் தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. நான் ஓயாமல் எழுதிவரும் தண்டல் கடன் விவகாரத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளக்காரருக்கு வெள்ள மாதத்திலும் சம்பளம் வரும். காருக்குக் காப்பீடு இருக்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஈரம் காய்ந்து வேலை தொடங்கும்வரை ஒரு ரூபாய் கிடையாது. ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 நாள் வேலை இல்லையென்றால் 12,000 ரூபாய் போச்சு. அடுப்பு, பாய், பள்ளிப் புத்தகம், தையல் மெஷின் எல்லாம் ஒரே அறையில், தரையில் இருந்தவை. மேலே தூக்கி வைக்க மாடி ஏது?

அப்போது தண்டல்காரர் வருகிறார். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாளைக்கு. அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வருட வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. கூலி இல்லாத நாளில் அந்த 100 ரூபாயைக் கட்ட இன்னொரு தண்டல். அடுத்த மழைக்காலம் வரும்போது போன மழைக்காலத்தின் கடன் பாக்கி நிற்கும். நான் இதை எழுதும்போதெல்லாம் "நாங்கள் இல்லாவிட்டால் அவசரத்துக்கு யார் கொடுப்பார்கள்?" என்று வட்டித் தொழில் செய்யும் வாசகர் ஒருவர் கடிதம் போடுவார். ஐயா, கேள்வி நியாயமானது. அந்த வாரமே அரசு கொடுக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

ஆகவே தாம்பரத்து நண்பரே, நிவாரணம் கட்டாயம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் கேளுங்கள். 2015இல் அறிவித்த 5,000 ரூபாய், கணக்கெடுத்து வங்கிக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆயின. அதற்குள் தண்டல் வாங்கிவிட்டவருக்கு அந்தப் பணம் கடன்காரர் கைக்குத்தான் போகும். 2023இல் 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாக ரொக்கமாக, புயல் அடித்த இரண்டு வாரத்துக்குள் கொடுக்கத் தொடங்கினார்கள். அது நல்ல மாற்றம், பாராட்டுகிறேன். ஆனால் உள்ளூர் ரேஷன் கார்டு இல்லாதவர்கள் தனியாக மனு எழுதிப் போட வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவரிடம் உள்ளூர்க் கார்டு எப்படி இருக்கும்? அவர் பெயரைத் தெருவாரியாக ஜூலை, ஆகஸ்டிலேயே எழுதி வைத்துக்கொள்ள ஒரு வார்டு அலுவலகத்தால் முடியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தானே வருகிறது.