எழுந்தால் கண் இருட்டுகிறது: கர்ப்பிணிகளின் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு இது 22-ஆவது வாரம். அதிகாலையில் கழிப்பறைக்குச் சென்றுவிட்டு எழுந்தபோது கண் இருட்டி, சுவரில் சாய்ந்தபடியே சரிந்துவிட்டேன். மறுநாள் மருத்துவர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். படுத்திருக்கையில் 108/68, நாடித்துடிப்பு 84. நின்று மூன்று நிமிடம் ஆனதும் 86/56, நாடி 112. ஹீமோகுளோபின் 11.2. பயப்பட வேண்டாம் என்றார். எனக்கு ஏன் இப்படி ஆகிறது? (திருவாரூர்)

பதில்: உங்கள் மருத்துவர் செய்தது மிகச் சரியான பரிசோதனை. உட்கார வைத்து ஒருமுறை மட்டும் அளந்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். உங்களுக்கு மேல் அளவு 22-ம் கீழ் அளவு 12-ம் குறைந்திருக்கின்றன.

எவரும் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் இறங்கித் தேங்குகிறது. வழக்கமாக ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதை இதயத்துக்கு மேலேற்றிவிடும். கர்ப்ப காலத்திலோ புரோஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்கள் அந்தக் குழாய்களைத் தளர்த்தி வைத்திருப்பதால் சுருங்குவது தாமதமாகிறது. அந்தச் சில விநாடிகளில் மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. உங்கள் நாடி 84-லிருந்து 112-க்கு ஏறியது, இதயம் அதை ஈடுகட்டப் பாடுபட்டதன் அடையாளம். கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருப்பது ஐந்தாம், ஆறாம் மாதங்களில்தான். பிறகு மெல்ல ஏறி, பிரசவ காலத்தில் ஏறத்தாழப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

அதிகாலைக் கழிப்பறையில் நேர்ந்ததற்கும் காரணம் உண்டு. இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காத உடல், குந்தி உட்கார்ந்ததில் மடங்கிய கால்கள், காலியான சிறுநீர்ப்பை, பிறகு சட்டென்று எழுந்தது ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன. ஆகவே படுக்கையருகில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வைத்திருந்து, எழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே குடித்துவிடுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பாதங்களை மேலும் கீழும் அசைத்த பிறகு எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி சற்று நின்று நடங்கள். மேற்கத்திய பாணிக் கழிப்பறை இருந்தால் பிரசவம் வரை அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பிடித்து எழுவதற்குச் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம். மயங்கியவரைக் கதவை உடைத்து எடுப்பதில் வீணாகும் நேரத்தை நினைத்தால், கூச்சம் பெரிய விஷயமன்று.

கேள்வி: பேருந்திலும் கோயில் வரிசையிலும் சிறிது நேரம் நின்றாலே காது அடைத்து, வியர்த்து, குமட்டல் வருகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது? (மதுரை)

பதில்: காது அடைப்பதும் குளிர்ந்த வியர்வையும் மயக்கத்துக்கு முன்னால் உடல் தரும் எச்சரிக்கை. உட்கார இடம் இருந்தால் யோசிக்காமல் உட்காருங்கள், தரையானாலும் பரவாயில்லை. இடமே இல்லையென்றால், கம்பியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்துத் தொடைகளையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடியுங்கள். தசைகள் இறுகும்போது தேங்கிய ரத்தம் மேலேறும். இது உட்கார இடம் கிடைக்கும்வரை சமாளிப்பதற்கான வழி மட்டுமே. வெயிலில் நிற்பதையும் கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதையும் தவிருங்கள். சூடு ரத்தக் குழாய்களை மேலும் விரிக்கும்.

கேள்வி: ஏழாம் மாதம், அடிக்கடி தலைசுற்றுகிறது, ஹீமோகுளோபின் 8.6. மாமியார் 'லோ பிரஷர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடி' என்கிறார். அது சரியா? (சேலம்)

பதில்: எலுமிச்சைச் சாறு கெடுதல் இல்லை, அதில் உள்ள நீர் நல்லதுதான். ஆனால் உங்கள் தலைசுற்றலுக்குப் பெரும் காரணம் ரத்தசோகையாக இருக்கலாம். படியேறினால் மூச்சு வாங்குவது, சும்மா இருக்கும்போதே இதயம் படபடப்பது, உட்கார்ந்திருந்தாலும் கிறுகிறுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். எழும்போது மட்டும் சுற்றினால் ரத்தம் தேங்குவதே முதன்மைக் காரணம். ரத்தசோகை உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். மருத்துவர் சொல்லாமல் உப்பைக் கூட்ட வேண்டாம். பிரஷர் உண்மையில் குறைவுதானா என்று அளந்து பார்த்ததாக நீங்கள் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் அது உயரவும் கூடும்.

இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்வதற்குத்தான் எலுமிச்சைச் சாறு உண்மையில் உதவும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் அளவு மெதுவாகத்தான் ஏறும். ஏழாம் மாதத்தில் நிற்கும் உங்களுக்குக் காத்திருக்க நேரம் குறைவு என்பதால், நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டுமா என்று இந்த வாரமே கேளுங்கள்.

கேள்வி: எட்டாம் மாதம். மல்லாந்து படுத்தால் படபடப்பும் மயக்கமும் வருகின்றன, எழுந்தால் சரியாகிறது. எல்லோருக்கும் எழுந்தால்தானே சுற்றும்?

பதில்: இது வேறு காரணம். மல்லாந்து படுக்கும்போது கனத்த கருப்பை, கீழுடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெரிய சிரையை அழுத்துகிறது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் சீக்கிரம் தெளியும். ஸ்கேன் மேசையில் இப்படி ஆனால் அடக்கிக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். ஆனால் படுத்தால் மூச்சுத் திணறி, எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால், அது இதயக் கோளாறாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: மனைவி 30-ஆவது வாரத்தில் மயங்கிக் கீழே விழுந்தார். ஐந்து நிமிடத்தில் நன்றாகிவிட்டார், வயிற்றில் வலி இல்லை. அப்படியே விட்டுவிடலாமா? (கணவர், நாகர்கோவில்)

பதில்: கூடாது. வயிறு இடிபட்டிருந்தால், நச்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியத் தொடங்குவது முதல் சில மணி நேரத்தில் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் மருத்துவமனையில் குறைந்தது நான்கு மணி நேரம் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிப்போம். வயிறு கல் போல இறுகுதல், ரத்தப் போக்கு, நீர் வெளியேறுதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். அவருடைய ரத்தம் ஆர்எச் நெகடிவ் எனில் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தேவைப்படும் ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

மறுபடி மயங்கினால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இடப்பக்கமாகப் படுக்க வைத்துக் கால்களைத் தலையணை மேல் உயர்த்தினால் போதும். கைகால் சில விநாடி துடிப்பது சாதாரண மயக்கத்திலும் நேரும்; ஆனால் துடிப்பு நீடித்தாலோ, முன்பே கடும் தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தாலோ அது வலிப்பாக இருக்கலாம். அப்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் பொழுதைக் கழிக்க வேண்டாம், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: மாதவிடாய் தள்ளிப்போய் 20 நாள் ஆகிறது. எழுந்தால் மயக்கம், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி. வெறும் பலவீனமா?

பதில்: இதைப் படித்தவுடன் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், தனியாகச் செல்ல வேண்டாம். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி உள்ளே ரத்தம் கசியும்போதும் இப்படித்தான் இருக்கும். தோள்பட்டையில் வலி இருந்தால் ஐயம் இன்னும் வலுக்கும்.

கேள்வி: சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று மயங்கிவிட்டேன். அடுத்த முறை என்ன செய்ய?

பதில்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் முறைக்குப் பட்டினி அவசியமில்லை. உங்களுக்கு எந்த முறை என்று முதலிலேயே கேளுங்கள். பட்டினி தேவை என்றால் தண்ணீர் குடிக்கலாமா என்பதையும் கேட்டு, காலை முதல் ஆளாகச் சென்று, ரத்தம் எடுக்கும்போது படுத்துக்கொள்ள இடம் தரச் சொல்லுங்கள்.